வெயிலும் ஈரமும் சேரும் இடத்தில் ரோஸ்மேரி ஏன் மடிகிறது?

ஊட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பனியும் மூடுபனியும் சாரலுமாக ஆண்டில் பல மாதங்கள் கழிகின்றன. அந்த ஈரத்தில் ரோஸ்மேரி நன்றாக வளர்கிறது. நீலகிரியில் அதை வணிகப் பயிராகவே பயிரிடுகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஊட்டியின் பெயரிலேயே ஒரு ரோஸ்மேரி ரகத்தை வெளியிட்டிருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் உள்ள பீனிக்ஸ் நகரில் கோடைப் பகல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அங்கேயும் ரோஸ்மேரி சாலையோரப் புதராகச் செழிக்கிறது. சென்னையின் வெப்பம் பீனிக்ஸைவிடக் குறைவு. ஆண்டு மழையோ ஊட்டியின் அளவை ஒட்டியது. ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்து சென்னை மாடித் தோட்டங்களில் குடியேறும் ரோஸ்மேரிகளில் பல, முதல் வடகிழக்குப் பருவமழையைத் தாண்டுவதில்லை. லாவெண்டரின் கதி இன்னும் மோசம்.

வெப்பம் தனியாக இந்தச் செடிகளைக் கொல்வதாகத் தெரியவில்லை. ஈரமும் தனியாகக் கொல்வதில்லை. இரண்டும் சேரும்போது என்ன நடக்கிறது என்ற கேள்விக்குத் தோட்டக்காரர்களும் மண்ணியலாளர்களும் நோயியலாளர்களும் வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடைகளை இந்தக் கட்டுரை வரிசையாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றையும் ஊட்டி, பீனிக்ஸ், சென்னை என்ற மூன்று ஊர்களோடும் ஒப்பிட்டு, எது எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்க்கிறது.

## செடியின் பூர்வீகம்

ரோஸ்மேரி மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள பாறைச் சரிவுகளின் செடி. அதன் லத்தீன் பெயரைக் ‘கடலின் பனித்துளி’ என்று பொருள் கொள்வது வழக்கம். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது. கோடை முழுவதும் வறட்சி. அதாவது மண் ஈரமாக இருக்கும்போது குளிர்ச்சியாகவும், சூடாக இருக்கும்போது காய்ந்தும் இருக்கும். சூடும் ஈரமும் ஒரே நேரத்தில் நீடிக்கும் மண்ணை இந்தச் செடியின் வேர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெரும்பாலும் சந்தித்ததே இல்லை. சென்னையிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை அப்படிப்பட்ட மண்தான் கிடைக்கிறது.

லாவெண்டர் என்ற பெயரில் பல இனங்கள் அடங்கும். மணத்துக்குப் பெயர்பெற்ற ‘ஆங்கில லாவெண்டர்’ உண்மையில் பிரான்சின் புரொவான்ஸ் போன்ற பகுதிகளின் மலைச் செடி. அதன் இலையும் தண்டும் குளிர்ந்த இரவுகளுக்குப் பழகியவை. இந்தியாவில் அது நன்றாக நிலைத்த இடம் ஜம்மு காஷ்மீரின் பதர்வா போன்ற மலைப் பகுதி. அங்கே நிலைத்ததை வைத்துக் கடற்கரைச் சமவெளியிலும் நிலைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

## முதல் விடை: வெப்பம் கொல்கிறது

‘குளிர்ப் பிரதேசச் செடி, நம் வெயில் தாங்காது’ என்பது மிகப் பழைய விடை. இன்றும் நர்சரிகளில் அதிகம் கேட்கக் கிடைப்பது இதுதான். இதன் நேரடி விளைவாக, செடியைக் கொண்டுபோய் நிழலில் வைக்கிறார்கள்.

ரோஸ்மேரியைப் பொறுத்தவரை இந்த விடை பீனிக்ஸில் உடைந்துவிடுகிறது. குறுகிச் சுருண்ட இலை, அடிப்புறத்தில் வெள்ளை ரோமம், தடித்த மேற்தோல் எல்லாம் வெயிலையும் வறட்சியையும் சமாளிக்க அமைந்தவை. பகல் வெப்பம் மட்டும் அதைக் கொல்வதாக இருந்தால் அரிசோனாவில் ரோஸ்மேரி வேலிகள் இருக்க வாய்ப்பில்லை. நிழலில் வைப்பது பல வேளைகளில் தீங்கையே கூட்டுகிறது. நிழலில் செடி குறைவாக நீர் உறிஞ்சும். தொட்டி மெதுவாகக் காயும். தண்டு மெலிந்து நீளும்.

ஆனால் வெப்ப விடையை முழுவதும் ஒதுக்கவும் முடியாது. இரவில் செடி ஒளிச்சேர்க்கை செய்வதில்லை, சுவாசம் மட்டும் செய்கிறது. இரவு சூடாக இருந்தால் பகலில் சேர்த்த சர்க்கரையில் கூடுதலான பங்கு சுவாசத்திலேயே செலவாகும். சென்னையின் மே, ஜூன் இரவுகளில் வெப்பம் பெரும்பாலும் 27, 28 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஆங்கில லாவெண்டர் போன்ற மலைச் செடிகளில் இந்தச் செலவு மெல்ல மெல்ல பலவீனத்தை உண்டாக்கலாம். அது கொலைக்குத் துணைபோகும் காரணமாக இருக்கக்கூடும். ஒரு வாரத்தில் முழுச் செடியும் மடிவதை அது விளக்காது.

இன்னொரு வெப்பமும் உண்டு. அது வேரின் வெப்பம். மொட்டை மாடியில் நேர் வெயிலில் நிற்கும் கறுப்புப் பைகளில், வெயில் படும் ஓரத்து மண்ணின் வெப்பம் காற்றைவிடப் பல டிகிரி மேலே போகும். 40 டிகிரியை நெருங்கும்போது பல செடிகளின் வேர் நுனிகள் சேதமடையத் தொடங்குகின்றன. நிலத்தில் நட்ட பீனிக்ஸ் செடிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆழமான மண் அதற்குக் குடை பிடிக்கிறது. ஆகவே ‘வெயில் தாங்காது’ என்ற பேச்சில் உள்ள உண்மை செடியின் தலையைவிட, அது நிற்கும் பையைப் பற்றியது.

## இரண்டாம் விடை: காற்றின் ஈரப்பதம்

‘கடலோர ஊரின் புழுக்கம்தான் எதிரி, காற்றோட்டம் கொடுத்தால் பிழைக்கும்’ என்பது அடுத்த விடை. இதில் இரண்டு தனித்தனி வாதங்கள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு என்ன வலிமை என்று தெரியும்.

முதல் வாதம் காய்தல் பற்றியது. காற்று எவ்வளவு வேகமாக நீரை உறிஞ்சும் என்பது அதன் சூட்டையும், அதில் ஏற்கெனவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. 40 டிகிரியில் 20 சதவீத ஈரப்பதம் உள்ள பாலைவனக் காற்றுக்கு இருக்கும் உறிஞ்சும் வேகம், 32 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள கடலோரக் காற்றுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ 8 மடங்கு. ஆகவே அதே தொட்டி, அதே மண், அதே அளவு தண்ணீர் என்றாலும், சென்னையில் மண் ஈரமாகவே நிற்கும் நாட்கள் மிக அதிகம். பாலைவனத்தில் ‘வாரம் இருமுறை தண்ணீர்’ என்பது சரியான அறிவுரையாக இருக்கலாம். மழைக்காலக் கடற்கரையில் அதுவே வேரை மூழ்கடிக்கும்.

இரண்டாவது வாதம் இலையில் தங்கும் ஈரம் பற்றியது. ஒவ்வொரு இலையைச் சுற்றியும் அசையாத மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. காற்று வீசும்போது அது மெலிகிறது. நீராவி எளிதில் விலகிப்போகிறது. நெருக்கமாக வளர்ந்த லாவெண்டர் புதரின் நடுவில் காற்றே நுழைவதில்லை. மழைக்குப் பிறகு வெளி இலைகள் அரை மணியில் காய்ந்தாலும் உட்புற இலைகள் நாள் முழுவதும் நனைந்திருக்கலாம். சூடான ஈரத்தில் ரைசோக்டோனியா என்ற பூஞ்சை அங்கே பிடித்து, இலைகளை ஒட்டடை போன்ற மெல்லிய இழைகளால் பின்னிக் கருகச் செய்கிறது. குளிர்ந்த ஈரத்தில் அந்த வேலையைச் சாம்பல் பூஞ்சை செய்கிறது. அது மலைத் தோட்டங்களின் தொல்லை. சென்னையின் சூட்டில் அதற்கு அவ்வளவு வலு இருக்காது.

இந்த வகைச் சாவுக்குத் தனி அடையாளம் உண்டு. அது புதரின் உள்ளிருந்தும் அடியிலிருந்தும் தொடங்கி வெளியே பரவும். பாதிப்பு ஒரு பக்கமாகவோ திட்டுத்திட்டாகவோ இருக்கும். பாதிக்கப்படாத கிளைகள் உயிரோடு நிற்கும். தொட்டிகளுக்கு இடையே இடைவெளி விடுவது, சுவரை ஒட்டி வைக்காமல் இரண்டு பக்கமும் காற்று கடக்கும் இடத்தில் வைப்பது, மழை தொடங்கும் முன்பே உட்கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிடுவது ஆகியவை இதற்கு உண்மையான மருந்து. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இலையில்லாத முற்றிய கட்டை வரை வெட்டினால் லாவெண்டர் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. பச்சை இலை இருக்கும் பகுதியிலேயே வெட்டை நிறுத்த வேண்டும்.

ஆனால் காற்றோட்ட விடையை ஊட்டி கேள்விக்குள்ளாக்குகிறது. 18 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள மலைக்காற்றின் உறிஞ்சும் வேகம், சென்னைக் காற்றுக்கு இருப்பதைவிடவும் குறைவு. மெதுவாகக் காய்வதே முழுக் காரணம் என்றால் ஊட்டியின் ரோஸ்மேரிதான் முதலில் சாக வேண்டும். நீலகிரியின் சரிவுகளில் நீர் வடிந்துவிடுகிறது என்பது இதற்கு ஒரு பகுதி விடை. ஆனால் சூட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் அந்த விடை முழுமையடையாது.

## மூன்றாம் விடை: மூச்சுத் திணறும் வேர்

மண்ணியலாளர்கள் பார்வையை இலையிலிருந்து வேருக்குத் திருப்பினார்கள். வேர் சுவாசிக்கும் உறுப்பு. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் மண்துகள்களுக்கு இடையில் உள்ள காற்றுத் துளைகளின் வழியே வருகிறது. அந்தத் துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் நீரைக் கடந்துதான் வர வேண்டும். காற்றில் பரவுவதோடு ஒப்பிட்டால் நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது.

இங்கேதான் சூடு கணக்குக்குள் வருகிறது. 15 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே நேரத்தில் வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சுவாசிக்கும் வேகம், ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஊட்டி மண்ணுக்கும் சென்னை மண்ணுக்கும் இடையில் 10, 15 டிகிரி வித்தியாசம் இருந்தால், சென்னையில் வரவு கால் பங்கு குறைகிறது, செலவு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. மலையில் இரண்டு நாள் நீர் தேங்கினாலும் தாங்கும் வேர், கடற்கரையில் சில மணி நேரத்திலேயே திணறத் தொடங்கலாம்.

மூச்சுத் திணறிய வேர் நீரை உறிஞ்சும் திறனை இழக்கிறது. இதனால் ஒரு கொடிய குழப்பம் நேர்கிறது: மண் நனைந்திருக்கும்போதே செடி வாடுகிறது. வாடுவதைக் கண்டவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார். ரோஸ்மேரி இதை மேலும் மோசமாக்குகிறது. அதன் இலை விறைப்பானது. துளசியைப்போலத் துவண்டு முன்னெச்சரிக்கை தருவதில்லை. வேர் செத்த பிறகும் இலை பல நாட்கள் பச்சையாகவே நிற்கும். பிறகு தொட்டால் நொறுங்கும். ‘நேற்றுவரை நன்றாக இருந்தது, ஒரே இரவில் காய்ந்துவிட்டது’ என்று சொல்லப்படும் சாவுகளில் பலவற்றின் தொடக்கம் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே நடந்திருக்கும். கூர்ந்து பார்த்தால் தெரியும் முதல் அறிகுறி, கிளை நுனிகளில் உள்ள இளந்தளிர் தலை சாய்வதும் பளபளப்புக் குறைவதும்தான்.

இந்த விடை மூன்று ஊர்களுக்கும் பொருந்துகிறது. பீனிக்ஸில் சூடு உண்டு, தேங்கும் நீர் இல்லை. ஊட்டியில் நீர் உண்டு, சூடு இல்லை. ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. வெறும் மூச்சுத் திணறலால் பாதிக்கப்பட்ட செடி, நீர் வடிந்ததும் புது வேர் விட்டுத் தேற வேண்டும். சில செடிகள் தேறுகின்றன. பல செடிகள், தொட்டியைக் காயவைத்த பிறகும் தொடர்ந்து சாகின்றன. வேறு யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள்.

## நான்காம் விடை: நீரில் நீந்தி வரும் நோய்

1876-இல் ஜெர்மானிய நோயியலாளர் அன்டோன் டி பாரி, உருளைக்கிழங்கை அழித்த நுண்ணுயிரியை வைத்து ஒரு பேரினத்துக்குப் பைட்டோப்தோரா என்று பெயரிட்டார். ‘செடியை அழிப்பது’ என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். அதன் இனங்களில் ஒன்று பைட்டோப்தோரா நிகோடியானே. புகையிலைச் செடியை அழிப்பதாக 1896-இல் முதலில் விவரிக்கப்பட்ட இது, இன்று உலகெங்கும் சூடான பகுதிகளில் நூற்றுக்கணக்கான செடி இனங்களைத் தாக்குகிறது. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்து வந்த நோயுற்ற லாவெண்டர்களை ஆராய்ந்தபோது பல பைட்டோப்தோரா இனங்கள் கிடைத்தன. அவற்றில் அதிகம் தென்பட்டது நிகோடியானேதான்.

இதை நீர்ப்பூஞ்சை என்று அழைப்பது வழக்கம். ஆனால் உண்மையில் இது பூஞ்சை அல்ல. உறவு முறையில் பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கமானது. மண் துளைகளில் நீர் நிறையும்போது இதன் வித்துகள் வால் முளைத்து நீந்துகின்றன. திணறும் வேர் கசியவிடும் பொருள்களின் தடம் பிடித்து அவை வேர் நுனியை அடைகின்றன. 25 முதல் 32 டிகிரி வரையிலான சூடு இதற்கு உகந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னைத் தொட்டி மண்ணின் சூடு பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் நிற்கிறது. ஊட்டி மண் அதற்கு மிகவும் கீழே இருக்கிறது.

அடையாளம் தெளிவானது. செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக எடுத்து வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெள்ளையாகவோ மங்கிய மஞ்சளாகவோ இருக்கும்; இழுத்தால் உறுதியாக நிற்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். விரலால் இழுத்தால் அதன் மேலுறை உருவிக்கொண்டு வந்துவிடும். நடுவிலுள்ள நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். பிறகு தண்டின் அடிப்பகுதியில், மண்ணைத் தொடும் இடத்தில் பட்டையை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பழுப்பு வளையமாகச் சுற்றியிருந்தால் நோய் கழுத்தை அடைந்துவிட்டது. செடியைக் காப்பாற்றுவது அரிது. அப்போது செய்யத்தக்கது, மேலே இன்னும் பச்சையாக உள்ள கிளைகளின் நுனியிலிருந்து விரல் நீளத் துண்டுகளை வெட்டி, சுத்தமான புதுக் கலவையில் வேர்விடச் செய்வது. பழைய மண்ணையும் தொட்டியையும் அப்படியே மறுபடி பயன்படுத்தினால் நோயும் அப்படியே தொடரும்.

மருந்தால் இதைத் தீர்க்கலாம் என்பார் உண்டு. இங்கே ஒரு பொதுவான தவறு நிகழ்கிறது. கடைகளில் வேரழுகலுக்கு என்று எளிதில் கிடைக்கும் கார்பன்டசிம், பூஞ்சைகளுக்கான மருந்து. பைட்டோப்தோரா பூஞ்சை அல்ல என்பதால் அது இங்கே வேலை செய்வதில்லை. மெட்டலாக்சில், போசெட்டில் அலுமினியம் போன்றவை வேலை செய்யும் என்றாலும், அவை நோயை அடக்கிவைக்குமே தவிர மண்ணிலிருந்து ஒழிப்பதில்லை. மேலும் ரோஸ்மேரியைச் சமையலுக்கும் தலைக்கும் பயன்படுத்துபவர்கள், அந்தச் செடிக்கு அனுமதிக்கப்படாத மருந்தைத் தொடக்கூடாது. ட்ரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பூஞ்சைகள் முன்கூட்டியே கலந்தால் ஓரளவு காக்கக்கூடும். அழுகத் தொடங்கிய வேரை அவை மீட்பதில்லை.

நோய் விடையின் எல்லை என்னவென்றால், வீட்டுத் தோட்டத்தில் சாகும் செடிகளில் மிகச் சிலவே ஆய்வுக்கூடத்தை அடைகின்றன. பழுப்பு வேரைக் கண்ணால் பார்த்து, திணறலால் செத்ததா நோயால் செத்ததா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. பெரும்பாலும் முன்னது கதவைத் திறக்கிறது, பின்னது உள்ளே வருகிறது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

## சரளைக் கலவை பற்றிய வழக்கு

மேற்கண்ட இரண்டு வேர் விடைகளும் ஒரே மருந்தைச் சுட்டுகின்றன: நீரை விரைவாக வடித்து, காற்றை உள்ளே விடும் சொரசொரப்பான மண். இதில் கருத்து வேறுபாடு குறைவு. ஆனால் அதை எப்படிச் செய்வது என்பதில் தவறான நம்பிக்கைகள் நிறைய இருக்கின்றன.

முதல் நம்பிக்கை, தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லும் ஜல்லியும் பரப்பினால் நீர் வடியும் என்பது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய துளைகள் கொண்ட ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. நுண்துளைகளின் ஈர்ப்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மேல் மண் முழுதும் நிறைந்த பிறகுதான் கீழே சொட்டத் தொடங்கும். தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய ஈரப்பட்டை அதனால் வேருக்கு இன்னும் அருகே, ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கிறது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நனைத்துக் கிடைமட்டமாகப் பிடித்தால் சொட்டி நிற்கும். அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். ஈரப்பட்டையின் உயரம் கலவையின் துகளைப் பொறுத்தது, தொட்டியின் உயரத்தை அல்ல. ஆகவே அந்தப் பட்டை 5 சென்டிமீட்டர் நிற்கும் ஒரு கலவையை 10 சென்டிமீட்டர் தட்டைத் தொட்டியில் இட்டால் பாதி வேர் ஊறும். 25 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் இட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் ஊறும்.

இரண்டாவது நம்பிக்கை, கொஞ்சம் மணல் சேர்த்தால் போதும் என்பது. கேசரியில் நாலு முந்திரி போட்டால் அது முந்திரி ஆகிவிடாது. முந்திரிகளைச் சுற்றி இருப்பது கேசரிதான். அதுபோல, பெரிய துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அளவு சேரும்வரை, அவற்றுக்கு இடையிலுள்ள இடத்தை நுண்மண் அடைத்தே இருக்கும். நைசான மணலோ எம்-சாண்டின் தூளோ சேர்த்தால் துளைகள் இன்னும் அடைபடும். பயன் தெரிய வேண்டுமானால் மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு மேல் 3 முதல் 6 மில்லிமீட்டர் துகள்களாக இருக்க வேண்டும். உடைத்த செங்கல், சலித்த சிறு ஜல்லி, பெர்லைட் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் சரி. முதலில் கோதுமை சலிக்கும் சல்லடையில் சலித்துத் தூளை விலக்கிவிட வேண்டும். மாடித் தோட்டங்களில் மிகவும் வழங்கும் தேங்காய் நார்க்கழிவு நீரை நிறையப் பிடித்துவைக்கும் பொருள். அது கீரைக்கு வரம். இந்தச் செடிகளுக்கு அளவோடு வேண்டியது.

இந்தத் துறையில் தோட்டக்காரர்களின் கைமுறைக்குப் பதில் அளவை வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1957-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தொட்டிச் செடிக் கையேடு, தரப்படுத்திய கலவைகளையும் நோயற்ற மண்ணையும் முன்வைத்தது. அதற்குப் பின் ஒஹாயோவில் ஹாரி ஹோய்டிங்க் நடத்திய ஆய்வுகள், மக்கிய மரப்பட்டைக் கலவையில் வேரழுகல் குறைவதைக் காட்டின. காற்றோட்டமும் அதில் வாழும் நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்து அந்தப் பயனைத் தந்தன.

## ஒரு தொட்டியின் கணக்கு

கலவை போதுமானதா என்று வீட்டிலேயே அளக்கலாம். 5 லிட்டர் கொள்ளும் தொட்டியின் துளைகளை நாடா ஒட்டி அடைத்து, கலவையை நிரப்ப வேண்டும். மேற்பரப்பில் நீர் மின்னும்வரை மெதுவாக ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, தேவையானால் மறுபடி நிரப்ப வேண்டும். பிறகு தொட்டியை ஒரு வாளியின் மேல் வைத்து நாடாவை நீக்கி, வடியும் நீர் முழுவதையும் பிடித்து அளக்க வேண்டும். வடிந்த நீர் எவ்வளவோ, அவ்வளவு இடம் இப்போது காற்றுக்குக் கிடைத்திருக்கிறது.

எடுத்துக்காட்டாக, செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்காகக் கலந்த ஒரு தொட்டியில் 350 மில்லி வடிந்தால், காற்றுக்கு உள்ள இடம் 5,000-இல் 350, அதாவது 7 சதவீதம். வெயில் காலத்தில் இந்தத் தொட்டியில் ரோஸ்மேரி நன்றாகவே இருக்கலாம், ஏனென்றால் அன்றாட வெயில் நீரை வெளியேற்றிவிடுகிறது. அக்டோபரில் தொடர்ந்து ஐந்து நாள் மழை பெய்தால் அந்த 7 சதவீதமும் மூழ்கும். இரவு 25 டிகிரி, வித்து நீந்தத் தேவையான நீர், திணறும் வேர் என்று எல்லாம் ஒன்றுசேரும். நவம்பரில் செடி ‘திடீரென்று’ காயும்.

அதே தொட்டியில் ஐந்து பங்கு சலித்த செங்கல் நொறுக்கு, இரண்டு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய உரம் என்று மாற்றி, வடிநீர் 1,100 மில்லி வந்தால், காற்று 22 சதவீதம். 10-க்குக் கீழ் இருந்தால் இந்தச் செடிகளுக்கு ஆபத்து. 20-ஐ ஒட்டி இருந்தால் மழையைத் தாங்கும் வாய்ப்பு அதிகம். இதோடு வேறு இரண்டு விஷயங்களும் சேர வேண்டும். முதலாவது, நர்சரிப் பையிலிருந்து வந்த நார்க்கழிவு வேர்க்கட்டியை அப்படியே புதைக்கக்கூடாது. சுற்றியுள்ள சொரசொரப்பான கலவை அதிலிருந்து நீரை இழுப்பதில்லை. புதுக் கலவை காய்ந்தாலும் வேர் நிற்கும் நடுப்பகுதி ஊறியே இருக்கும். ஓரங்களைத் தளர்த்தி, முடிந்தவரை பழைய கலவையை உதிர்த்து நட வேண்டும். இரண்டாவது, தொடர் மழையில் எந்தக் கலவையும் முழுப் பாதுகாப்பு அல்ல. காற்று வரும், மழை நேரே விழாத கூரை ஓரத்துக்குத் தொட்டியை நகர்த்துவது கலவைக்கு நிகரான பயனைத் தரும்.

சரளைக் கலவைக்கு விலை உண்டு. அது குறைவாக நீரைப் பிடிப்பதால் மே மாதத்தில் தினமும் ஊற்ற வேண்டிவரலாம். சத்தும் விரைவில் கழுவிப்போகும். ஊற்றும் நாளைக் காலண்டர் சொல்லக் கூடாது, தொட்டியின் எடை சொல்ல வேண்டும். நன்றாக ஊற்றி வடிந்த பின் ஒருமுறை தூக்கிப் பார்த்து, அந்தக் கனம் தெளிவாகக் குறைந்த பிறகே மறுபடி ஊற்றுவது நம்பகமான முறை. பூச்சு இல்லாத மண்தொட்டி, சுவர் வழியே நீராவியை விட்டு வேரைக் குளிர்விப்பதால் கறுப்புப் பையைவிடப் பொருத்தமானது.

## ரகத்தை மாற்றுவது

மண்ணை மாற்றுவதைவிடச் செடியை மாற்றுவது மேல் என்று கருதுவோர் உண்டு. லாவெண்டரில் இந்த வாதம் வலுவானது. பல்விளிம்பு இலை கொண்ட டென்டாட்டா இனம் சூடான ஈரத்தை ஆங்கில லாவெண்டரைவிட நன்றாகத் தாங்குகிறது; மணம் மாறுபடும். ‘பினாமினல்’ என்ற கலப்பு லாவெண்டர், ஈரச் சூட்டையும் வேரழுகலையும் தாங்கும் என்பதற்காகவே அமெரிக்காவில் பரப்பப்பட்டது. அது அங்கே தாங்கும் சூட்டுக்குப் பின் குளிர்காலம் ஒன்று வருகிறது. அந்த ஓய்வு இல்லாத சென்னையிலும் அப்படியே நிற்கும் என்று கொள்ள இடமில்லை. ஆங்கில லாவெண்டர் சமவெளியில் உயிர் பிழைத்தாலும், குளிர் கிடைக்காததால் பூக்கத் தயங்கும். ரோஸ்மேரியில், மலையிலிருந்து நேரே வந்த செடியைவிட, ஒரு மழைக்காலத்தை அதே ஊரில் கடந்த தாய்ச்செடியிலிருந்து எடுத்த துண்டு நம்பத்தக்கது. அதில் பரம்பரைத் தேர்வு கொஞ்சம் இருக்கலாம். நோயற்ற வேரோடு, சரியான கலவையில் முதலிலிருந்தே வளர்வதும் அதற்கு உதவியிருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம்.

## தீர்ந்ததும் தீராததும்

நான்கு விடைகளில் எதுவும் முழுப் பொய் இல்லை, எதுவும் தனியாக முழு உண்மையும் இல்லை. புழுங்கும் காற்று தொட்டியைக் காயவிடாமல் செய்கிறது. காயாத தொட்டியில் சூடு, வேரின் ஆக்சிஜன் தேவையை உயர்த்தி வரவைக் குறைக்கிறது. திணறும் வேரைச் சூட்டை விரும்பும் நீர்ப்பூஞ்சை கண்டுபிடிக்கிறது. ஒரே சங்கிலியின் கண்ணிகளாகப் பார்த்தால் ஊட்டியும் பீனிக்ஸும் ஏன் தப்புகின்றன என்பது விளங்குகிறது: ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி குறைகிறது. தொட்டியில் தோட்டக்காரர் எளிதில் அறுக்கக்கூடிய கண்ணி மண்ணின் காற்றுவெளி. அதற்கு அடுத்தது மழையிலிருந்து தொட்டியை விலக்குவது. காற்றோட்டம் இலையைக் காக்கும். அழுகும் வேரைக் காக்காது.

திறந்தே நிற்கும் கேள்விகளும் உண்டு. சூடான இரவுகள் மட்டுமே, வேர் முற்றிலும் நலமாக இருந்தும், ஒரு ரோஸ்மேரியை எவ்வளவு காலத்தில் தளர்த்தும் என்பதைப் பிரித்துப் பார்க்கும் சான்று மிகக் குறைவு. சமவெளித் தொட்டிகளில் சாகும் செடிகளில் எத்தனை பங்கு வெறும் திணறல், எத்தனை பங்கு பைட்டோப்தோரா என்பதை, வேரை ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆங்கில லாவெண்டரை எவ்வளவு நல்ல கலவையில் வைத்தாலும் கடலோரத்தில் பல ஆண்டு நிறுத்த முடியுமா என்பதும் ஐயத்துக்குரியது. ரோஸ்மேரியைப் பற்றி அதைவிடக் கொஞ்சம் துணிந்து சொல்லலாம்: சென்னையின் வெயில் அதற்குப் பகை இல்லை. காற்றுக்கு இடம் விடாத மண்ணில் அந்த வெயிலின் சூடு மழையைச் சந்திக்கும் அந்த மூன்று மாதங்கள்தான் பகை.